'லேடீஸ் டைம்' யாருக்காக, எதுவரைக்கும்? வேலூர் சலூன் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம் பக்கம் யுனிசெக்ஸ் சலூன் நடத்தும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும்,

வணக்கம். பல வருஷமாக இந்த ஊரில் பியூட்டிஷியனாக இருக்கிறேன். தொழிலுக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு இப்போது வேலையும் கற்றுக்கொடுக்கிறேன். உங்களில் சிலருடைய கடையிலேயே கத்தரி பிடித்திருக்கிறேன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

சமீபமாகப் பல கடைகளின் கண்ணாடிக் கதவில் 'லேடீஸ் டைம்' என்று ஒட்டியிருப்பதைப் பார்க்கிறேன். நல்ல காரியம். இதற்குத் தேவை இருக்கிற ஊர் நம்முடையது. மேல்விஷாரத்திலிருந்தும் பேர்ணாம்பட்டிலிருந்தும் ஹிஜாப் போட்ட பெண்கள் கல்யாண வேலைக்கு வேலூருக்கு வருகிறார்கள். காட்பாடியில் பல மாநிலத்துக் கல்லூரி மாணவிகள் தங்கியிருக்கிறார்கள். மாநிலம் தாண்டி சிஎம்சிக்குச் சிகிச்சைக்கு வந்து, மருந்தில் முடி கொட்டத் தொடங்கியதும் மிச்சத்தை எடுத்துவிடலாம் என்று தலையை மூடிக்கொண்டு வரும் பெண்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்த ஸ்டிக்கர் எதற்கு உறுதி கொடுக்கிறது என்று கேட்டால், ஒரே கடையில் முதலாளி ஒன்று சொல்கிறார், ரிசப்ஷனில் இருக்கும் பெண் வேறொன்று சொல்கிறார், ஸ்டைலிஸ்ட் தம்பிக்கு எதுவுமே தெரிவதில்லை.

வாடிக்கையாளராக வரும் பெண் இதில் மூன்றில் ஒன்றை எதிர்பார்க்கலாம். அந்த நேரத்தில் ஆண் வாடிக்கையாளர் யாரும் பக்கத்து நாற்காலியில் இருக்க மாட்டார் என்பது ஒன்று. தன் தலையில் கை வைப்பவர் பெண்ணாகத்தான் இருப்பார் என்பது இரண்டு. உரிமையாளர், டெலிவரி கொண்டுவருபவர், ஏசி பார்க்க வந்தவர் உட்பட எந்த ஆணின் கண்ணும் தன் மேல் படாது என்பது மூன்று. நகரத்துக் கல்லூரிப் பெண்ணுக்கு முதல் உறுதியே போதும். ஹிஜாப் அணியும் பெண்கள் பலருக்கு மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டும் இருந்து பயனில்லை. உங்களால் எதைக் காப்பாற்ற முடியுமோ அதை மட்டும் சொல்லுங்கள். முதல் உறுதியை மட்டும் தர முடிந்த கடை மோசமான கடை இல்லை. முதலாவதை வைத்துக்கொண்டு மூன்றாவது இருப்பதுபோல் நம்பவைப்பதுதான் தவறு.

என் கண் முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். கடையின் பெயர் வேண்டாம். அங்கே வாரநாளில் காலை பத்திலிருந்து மதியம் இரண்டு வரை பெண்கள் நேரம். நிக்காஹ் நெருங்கிய ஒரு பெண் அம்மாவோடு ஸ்மூத்னிங் செய்ய வந்தாள். இடுப்பு வரைக்கும் அடர்த்தியான முடி. பதினொன்றரைக்கு ஆரம்பித்தார்கள். அந்த நேரத்தில் அதை ஆரம்பித்திருக்கவே கூடாது என்பது தொழில் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். அந்த நீளத்துக்கு அலசிக் காயவைக்கவே முக்கால் மணி நேரம் ஆகும். பகுதி பகுதியாகப் பிரித்து க்ரீம் போட இன்னொரு முக்கால் மணி. முடியின் தன்மையைப் பொறுத்து அரை மணி போல ஊறவிட்டு, இழையை இழுத்துச் சோதித்துப் பார்த்து அலச வேண்டும். மறுபடி முழுக்க உலர்த்தி, மெல்லிய அடுக்குகளாக அயர்ன் செய்ய ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். அப்புறம் நியூட்ரலைசர், அலசல், கடைசி உலர்த்தல். கூட்டிப் பார்த்தால் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது.

மணி இரண்டு அடித்தபோது அந்தப் பெண்ணுக்கு க்ரீமை அலசி உலர்த்தும் வேலைதான் நடந்துகொண்டிருந்தது. இரண்டேகாலுக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கிய இரண்டு ஆண்கள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டார்கள். அவர்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை, கடை சொன்ன நேரத்துக்குத்தான் வந்தார்கள். அந்தப் பெண் ஈரத் தலையில் டவலைப் போட்டு இழுத்துப் பிடித்தாள். அம்மா எழுந்து, மகளுக்கும் அந்த நாற்காலிகளுக்கும் நடுவில் தன் துப்பட்டாவை விரித்துக்கொண்டு நின்றார். பாதியில் எழுந்து போகவும் வழியில்லை. க்ரீம் போட்ட முடியை அயர்ன் செய்து நியூட்ரலைசர் போட்டு முடிக்காமல் விட்டால் பிணைப்பு உடைந்த நிலையிலேயே இருக்கும், சீப்பு பட்டாலே அறுந்துபோகும். ஆக, மூன்று மணி நேரம் போல அந்த அம்மா நின்றுகொண்டே இருந்தார். பணத்தைக் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனார்கள். நிக்காஹ் அன்றைய மேக்கப்புக்குக் கொடுத்திருந்த அட்வான்ஸையும் மறுநாள் போனில் திரும்பக் கேட்டார்கள்.

அந்தக் கடையில் கெட்ட எண்ணம் உள்ளவர்கள் யாரும் இல்லை. நேரத்துக்கு ஒரு விதி, வேலைக்கு இன்னொரு விதி என்று இருந்ததுதான் கோளாறு. அதனால் என் முதல் வேண்டுகோள் இதுதான். பெண்கள் நேரம் கடிகாரப்படி முடியக் கூடாது. கடைசிப் பெண் தலையைத் துவட்டி, துணியைச் சரிசெய்து, கதவைத் தாண்டிய பிறகுதான் முடிய வேண்டும். அதற்கு ஒவ்வொரு வேலையையும் எத்தனை மணிக்குள் ஆரம்பிக்கலாம் என்று எழுதி ரிசப்ஷனில் ஒட்டுங்கள். பத்து முதல் இரண்டு என்றால் ஹேர்கட்டை ஒன்று வரை எடுக்கலாம். கலரிங்கைப் பதினொன்றுக்கு மேல் எடுக்காதீர்கள். நீள முடிக்கு ஸ்மூத்னிங்கை அந்த நாலு மணி நேரத்தில் எடுக்கவே முடியாது, அதற்கு முழு நாள் வேண்டும். ஆண்களுக்கான முதல் அப்பாயின்ட்மென்டை இரண்டரைக்கு வையுங்கள். அந்த அரை மணி நேர வருமானம் போகிறதே என்று நினைப்பீர்கள். ஒரு கல்யாண ஆர்டரைப் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

முழு நாள் எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்களுக்குச் செவ்வாய்க்கிழமையைச் சொல்வேன். நம் ஊரில் முடிதிருத்தும் கடைகளுக்கு வழக்கமாக விடுமுறை அன்றுதான். யுனிசெக்ஸ் கடை திறந்திருந்தாலும் ஆண்கள் கூட்டம் அன்றைக்குக் குறைவு. உங்கள் ஆண் ஊழியர்களுக்கு வார லீவை அன்றைக்கே கொடுத்துவிட்டால் மேலே சொன்ன மூன்றாவது உறுதியைக்கூடத் தர முடியும். செவ்வாயில் முடி வெட்டக் கூடாது என்று நினைக்கும் இந்துக் குடும்பங்கள் நிறைய இருப்பதால் ஹேர்கட் கொஞ்சம் குறையும். ஃபேஷியல், ஸ்பா, ஸ்மூத்னிங், மெஹந்திக்கு அந்தத் தடை அநேகமாக வராது. முஸ்லிம், கிறிஸ்தவப் பெண்கள் பலருக்குக் கிழமைக் கணக்கே கிடையாது. ஹேர்கட்டுக்காக வியாழக்கிழமை காலையில் இன்னொரு நேரம் ஒதுக்கினால் எல்லோருக்கும் வழி கிடைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் முயற்சி செய்யாதீர்கள். ஆண்கள் வருமானம் அன்றைக்குத்தான், நீங்களே ஒரு மாதத்தில் விதியை மீறிவிடுவீர்கள்.

இனி ஆண் ஸ்டைலிஸ்ட்டுகள் பற்றி. சிலர் என்னிடம், பெண்களுக்கு ஆண்கள் வேலையே செய்யக் கூடாது என்று விதி போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே என்கிறார்கள். 2024-இல் உத்தரப் பிரதேச மாநில மகளிர் ஆணையமும் ஏறக்குறைய இப்படித்தான் யோசனை சொன்னது. பெண்களுக்கு ஆண் தையல்காரர் அளவெடுக்கக் கூடாது, சலூனிலும் ஆண்கள் கூடாது என்று. நான் இதை ஏற்கவில்லை. தொழிலை ஆண் பெண் என்று பிரித்து வேலி போட்டால் அது என்றைக்கும் ஒரு பக்கம் மட்டும் நிற்காது. மும்பை சினிமாத் துறையில் ஒரு சங்கம் பெண்களுக்கு மேக்கப் கலைஞர் அட்டையே தராமல், ஹேர் டிரெஸ்ஸிங் மட்டும் செய்யுங்கள் என்று வைத்திருந்தது. அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பு சொன்ன பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. அந்த வேலி நம்மைத் தடுத்தபோது தப்பாக இருந்தது என்றால், ஒரு தம்பியைத் தடுக்கும்போது சரியாகிவிடாது. என்னிடம் படித்த பெண்களில் சிலர் நல்ல லேயர் கட்டை ஆண் ஸ்டைலிஸ்ட்டிடம் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்கள். அவரிடம்தான் முடி வெட்டிக்கொள்வேன் என்று காத்திருக்கும் பெண்களும் இருக்கிறார்கள்.

ஆகவே தேவை தடை இல்லை, முன்கூட்டியே கேட்கும் பழக்கம். அதுவும் போனிலேயே. இப்போது நடப்பது என்ன? பெண் வருகிறாள், உட்காருகிறாள், கேப் போடுகிறார்கள், அப்புறம் பின்னால் வந்து நிற்பவரைக் கண்ணாடியில் பார்த்துத்தான் ஆண் என்று தெரிகிறது. அந்த நேரத்தில் "எனக்கு லேடீஸ் வேணும்" என்று சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்? அவர் மனசு புண்படுமோ, கடையில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அடுத்த முறை வர மாட்டார்கள். உங்கள் கடையில் இது நடக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் அப்பாயின்ட்மென்ட் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். த்ரெட்டிங்குக்குத் தவறாமல் வந்து ஹேர்கட்டுக்கு ஒருமுறைகூட வராத பெண்கள், ஹேர் வாஷ் வேண்டாம் என்று வீட்டிலேயே தலைக்குக் குளித்துவிட்டு வருபவர்கள், போன் எடுத்ததும் "லேடீஸ் இருக்காங்களா?" என்று கேட்பவர்கள். இந்த மூன்றும் நோட்டில் திரும்பத் திரும்பத் தெரிந்தால் உங்கள் கடையில் கேள்வி கேட்கப்படவில்லை என்று அர்த்தம்.

ரிசப்ஷனில் இருக்கும் பெண் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "மேடம், அந்த நேரத்துக்கு ஹேர்கட்டுக்கு ஒரு ஆண் ஸ்டைலிஸ்ட்டும் ஒரு பெண் ஸ்டைலிஸ்ட்டும் இருக்காங்க. யார்கிட்ட போடட்டும்?" இதே வாக்கியத்தை எல்லோரிடமும் கேட்க வேண்டும். புர்கா போட்டிருக்கிறாரா, ஜீன்ஸ் போட்டிருக்கிறாரா, வயசானவரா என்று பார்த்து நாமாக முடிவு செய்யக் கூடாது. ஏன் என்று திருப்பிக் கேட்கவும் கூடாது. பெண் ஸ்டைலிஸ்ட் அன்றைக்கு லீவு என்றால் வந்த பிறகு சொல்லாமல் காலையிலேயே போன் செய்து சொல்லிவிடுங்கள். நேரில் வந்து மனம் மாறினாலும் அந்த அப்பாயின்ட்மென்டைப் பணம் பிடிக்காமல் மாற்றிக் கொடுங்கள்.

ஹேர் வாஷ் வேண்டாம் என்பவர்களைப் பற்றிச் சொன்னேன். அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆண்கள் நடத்தும் கடைகளில் இது பிடிபடுவதே இல்லை. முடி வெட்டும்போது பெண் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள், கண்ணாடியில் எல்லாம் தெரிகிறது, கேப் உடம்பை மூடியிருக்கிறது. வாஷ் பேசினில் நிலைமையே வேறு. பின்னால் சாய்ந்து, கழுத்தை நீட்டி, கூரையைப் பார்த்துக்கொண்டு படுக்க வேண்டும். துப்பட்டா நழுவும். புடவைத் தலைப்பு விலகும். நம் வெயிலுக்கு மெல்லிய துணிதான் உடுத்தியிருப்பார்கள், தண்ணீர் பட்டால் ஒட்டிக்கொள்ளும். தலைமாட்டில் நிற்பவர் என்ன பார்க்கிறார் என்று படுத்திருப்பவருக்குத் தெரியாது. பெண்களுக்குக் கூச்சம் அதிகமாக வருவது இங்கேதான்.

தீர்வு சின்னது. படுக்கும் முன்பே, உட்கார்ந்திருக்கும்போதே, தோளிலிருந்து முழங்கால் வரை ஒரு பெரிய டவலோ ஷீட்டோ போட்டுவிட வேண்டும். அதை அவர் கையிலேயே கொடுத்து அவரையே போர்த்திக்கொள்ளச் சொல்வது இன்னும் நல்லது. கடையில் பெண் உதவியாளர் இருந்தால் வாஷை எப்போதும் அவரே செய்யட்டும், வெட்டுவது யாராக இருந்தாலும். ஆண்தான் செய்ய வேண்டும் என்றால், கை வைக்கும் முன் சொல்லிவிட்டு வைக்க வேண்டும்: "அக்கா, கழுத்துக்குப் பின்னாடி டவல் வைக்கிறேன்", "தண்ணி சூடு சரியா இருக்கா?" என்று. காதுக்குக் கீழே, தோளுக்கு மசாஜ் என்று கேட்காமல் இறங்கக் கூடாது. நம் கடைகளில் அசாம், மிசோரம், உத்தரப் பிரதேசம் என்று வெளியூர்த் தம்பிகள் நிறைய வேலை செய்கிறார்கள். மொழி தெரியாததால் பேசாமல் தொடுகிறார்கள், அந்த மௌனமே பெண்களுக்குப் பயத்தைக் கொடுக்கிறது. அவர்களுக்கு இந்த நாலைந்து வாக்கியங்களைத் தமிழில் மனப்பாடம் செய்யவைப்பது ஒரு மதிய நேர வேலைதான்.

ஆண் ஸ்டைலிஸ்ட் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதையும் எழுதிவிடுங்கள். கட், கலர், ப்ளோ டிரை, அயர்னிங், ஸ்மூத்னிங் செய்யலாம். இவை எல்லாமே திறந்த தளத்தில், எல்லோர் கண்ணிலும் படும் நாற்காலியில் நடக்க வேண்டும். வாக்சிங், உடை மாற்றிச் செய்யும் ஃபேஷியல், புடவை கட்டிவிடுவது, மூடிய அறையில் நடக்கும் எதுவும் பெண் ஊழியருக்கு மட்டும். சிகிச்சைக்கு வந்து தலையை மழிக்கக் கேட்கும் பெண்ணுக்குத் திறந்த தளம் பொருந்தாது. அவருக்குத் தனி அறையும் பெண் ஊழியரும் எந்த நேரமானாலும் கொடுக்க வேண்டும், கூட வந்தவர் உள்ளே இருக்கலாம். இந்த எல்லைகள் பெண்ணைக் காப்பதுபோலவே அந்தத் தம்பியையும் காக்கின்றன. தவறாக ஒரு பேச்சு வந்தால், அவர் எங்கே நின்றார், என்ன செய்தார் என்று பத்துப் பேர் பார்த்திருப்பார்கள். ஒரு வாடிக்கையாளர் நடந்துகொள்ளும் விதம் அவருக்குச் சங்கடமாக இருந்தால், வேறொருவரிடம் மாற்றிக்கொடுக்கும் உரிமை அவருக்கும் உண்டு.

ஆண் ஸ்டைலிஸ்ட்டின் சம்பளத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சம்பளம் குறைவு, கமிஷன்தான் வருமானம் என்கிற இடத்தில் வாரத்துக்கு இரண்டு நேரம் அவரை வெளியே உட்காரவைத்தால் கோபம் யார் மேல் திரும்பும்? பெண் வாடிக்கையாளர் மேல்தான். அந்த நேரத்தை அவருடைய வார லீவோடு சேர்த்துவிடுங்கள், அல்லது சராசரிக் கமிஷனில் ஒரு பங்கைக் கொடுங்கள். வாடிக்கையாளர் வேறொருவரைக் கேட்டதற்காக அவர் கணக்கில் எதையும் பிடிக்காதீர்கள்.

மொபைல் விஷயத்தில் கறாராக இருங்கள். ரீல்ஸுக்காகப் பின்னாலிருந்து முடியைப் படம் எடுப்பது இப்போது எல்லாக் கடையிலும் பழக்கம். பெண்கள் நேரத்தில் ஊழியர்களின் சொந்த போன் ஒரு டப்பாவில் ரிசப்ஷனில் இருக்கட்டும். படம் வேண்டுமென்றால் கடை போனில், அவரிடம் கேட்டு, எடுத்ததைக் காட்டி, எங்கே போடப்போகிறோம் என்று சொல்லி எடுக்க வேண்டும். சிசிடிவி நுழைவாயிலுக்கும் பணப் பெட்டிக்கும் போதும். வாஷ் பேசின் பக்கமும் அறைகளிலும் அது இருக்கவே கூடாது. பெண்கள் நேரத்தில் அந்தத் திரையை யார் பார்க்கிறார்கள் என்பதையும் யோசியுங்கள். உள்ளே ஆண் இல்லாவிட்டாலும், முதலாளி வீட்டில் உட்கார்ந்து போனில் பார்த்துக்கொண்டிருந்தால் மூன்றாவது உறுதி பொய்யாகிவிடும்.

புகார் வந்தால் என்ன செய்வீர்கள் என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் ஊழியருக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது வாடிக்கையாளராக வந்த பெண்ணுக்கும் பொருந்தும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் கடையிலேயே உள்ளகக் குழு அமைக்க வேண்டும். நம் கடைகளில் பெரும்பாலும் அதற்குக் குறைவுதான், அப்போது மாவட்டத்தில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் புகார் போகும். ஆற்காடு, மேல்விஷாரம், வாலாஜாவில் கிளை வைத்திருப்பவர்கள் 2019 பிரிவினைக்குப் பிறகு தங்கள் மாவட்டம் ராணிப்பேட்டை என்பதை நினைவில் வையுங்கள். அந்த விவரத்தோடு பெண்கள் உதவி எண் 181-ஐயும் கடைக்குள் தெரியும்படி ஒட்டுங்கள்.

பலகையில் என்ன எழுதுவது என்று கேட்பவர்களுக்காக ஒரு மாதிரி கொடுக்கிறேன். உங்கள் கடைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

"செவ்வாய் முழு நாளும், வியாழன் காலை 10 முதல் 2 வரையும் பெண்கள் நேரம். இந்த நேரத்தில் வாடிக்கையாளர்களும் ஊழியர்களும் பெண்கள் மட்டுமே. திருநங்கைகளும் இதில் அடக்கம். 7 வயது வரை ஆண் குழந்தைகள் உடன் வரலாம். உடன் வரும் ஆண்களுக்கு வெளியே இருக்கை உண்டு. மற்ற நேரங்களில் உங்களுக்கு வேலை செய்பவர் ஆணா பெண்ணா என்பதை நீங்களே தேர்வு செய்யலாம்; காரணம் கேட்க மாட்டோம். அனுமதி இல்லாமல் படம் எடுக்க மாட்டோம்."

இதை ஆரம்பிக்க ஆடி மாதம் நல்ல சமயம். கல்யாணம் இல்லாததால் கூட்டம் குறைவு, ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுக்க நேரம் கிடைக்கும். எங்கே இடிக்கிறது என்பது நாலு வாரத்தில் தெரிந்துவிடும். ஆவணி முகூர்த்தம் தொடங்கும்போது சரிசெய்த விதியோடு கடையைத் திறக்கலாம். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: பெண்கள் நேரத்துக்கு என்று தனிக் கட்டணம் வைக்காதீர்கள். பெண் ஸ்டைலிஸ்ட்டைக் கேட்டால் கூடுதல் என்றும் வைக்காதீர்கள். அதே கட், அதே விலை.

இப்படிக்கு,
காட்பாடியிலிருந்து ஒரு பியூட்டிஷியன்